‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதாதீர்கள்

“சில தவிர்க்க முடியாத காரணங்களால் எங்கள் மகளின் திருமணம் நின்றுவிட்டது என்பதை மிகுந்த மன வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இதுகுறித்து மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

நிச்சயதார்த்தம் முடிந்து, திருமணம் நடைபெறாமல் போன வீடுகளிலிருந்து உறவினர் குழுக்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் வரும் செய்தி ஏறத்தாழ இந்த வார்ப்பிலேயே இருக்கிறது. சுருக்கமானது, யாரையும் குறைசொல்லாதது, கண்ணியமானது என்ற நற்பெயரும் இதற்கு உண்டு. சுருக்கமானது என்பதை ஒப்புக்கொள்ளலாம். யாரையும் குறைசொல்லாதது என்பதை ஒப்புக்கொள்வதற்கில்லை. தமிழில் எழுதக்கூடிய செய்திகளிலேயே பழியை மிகத் திறமையாகக் கடத்தும் செய்திகளில் இதுவும் ஒன்று. எழுதியவரின் உள்ளத்தில் பழி இல்லாமல் இருக்கலாம். வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. அந்தப் பழி பெரும்பாலும் யார்மீது போய் இறங்குகிறது என்பதை எல்லாரும் அறிவர்.

முதலில், இச்செய்தி என்ன வேலையைச் செய்கிறது என்று பார்க்கவேண்டும். ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஆற்றி, 1962இல் நூலாக வெளிவந்த உரைகள், சொல்வதே செயலாகும் கூற்றுகளைப் பற்றியவை. வாக்களித்தல், பெயரிடுதல், பந்தயம் கட்டுதல் ஆகியவற்றில் சொல் ஒரு செயலை விவரிப்பதில்லை, சொல்லே அச்செயல். நிச்சயதார்த்தம் இத்தகைய செயலுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. இரு வீட்டாரும் சபையில் அமர்கிறார்கள், லக்னப் பத்திரிகை உரக்க வாசிக்கப்படுகிறது, தட்டு மாற்றிக்கொள்கிறார்கள். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் இன்ன நாளில் திருமணம் என்று சபையறிய வாசிக்கப்பட்ட அந்த நொடியில் ஒரு புதிய உறவு நிலை பிறக்கிறது. அதற்குச் சபை சாட்சி.

ஆனால் அந்நிலையைக் கலைப்பதற்கு எந்தச் சடங்கும் இல்லை. தட்டைத் திருப்பி மாற்றிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. பத்திரிகையைத் திரும்ப வாசிக்க எவரும் சபையைக் கூட்டுவதில்லை. திருமண முறிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பு என்ற ஒரு கூற்று உண்டு. நிச்சயதார்த்த முறிவுக்கு அதுவும் இல்லை. ஆகவே உறவினர்க்கும் நண்பர்க்கும் அனுப்பப்படும் அந்த நான்கு வரிகள், நடந்ததை அறிவிக்கும் குறிப்பு மட்டும் அல்ல. சபையறியக் கட்டிய முடிச்சைச் சபையறிய அவிழ்க்கும் ஒரே செயலும் அதுதான். அதை ஏனோதானோவென்று முன்வார்ப்பிலிருந்து எடுத்து ஒட்டுவது, லக்னப் பத்திரிகையில் பெண்ணின் பெயரைத் தவறாக எழுதுவதற்கு ஒப்பானது.

இனி வார்ப்பைப் பிரித்துப் பார்க்கலாம். முதல் பழுது ‘காரணங்களால்’ என்ற சொல்லில் இருக்கிறது. குறிப்பாக, அதன் இறுதியில் நிற்கும் ‘ஆல்’ உருபில்.

மூன்றாம் வேற்றுமை கருவியையும் கருத்தாவையும் உணர்த்தும் என்பது பள்ளி இலக்கணம். ‘வாளால் வெட்டினான்’ என்பதில் ஆல் கருவியைச் சுட்டுகிறது. ‘தச்சனால் செய்யப்பட்டது’ என்பதில் செய்தவனைச் சுட்டுகிறது. ‘மழையால் ஆட்டம் நின்றது’ என்பதில் காரணத்தைச் சுட்டுவதும் அதே உருபே. கருவி, ஆள், காரணம் மூன்றும் ஒரே நாற்காலியில் மாறி மாறி அமர்கின்றன. ‘மழையால் நின்றது’ என்பதில் மழையை எடுத்துவிட்டு ஒரு மனிதரை வைத்தால் ‘அவரால் நின்றது’ என்றாகும். வாக்கியத்தில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.

‘சில காரணங்களால் திருமணம் நின்றுவிட்டது’ என்று எழுதுபவர் இந்த நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு, அதன்மீது ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போகிறார். காரணம் எதையும் அவர் சொல்லவில்லைதான். ஆனால் காரணத்துக்கென ஓர் இடம் இருக்கிறது, அது காலியாக இல்லை, அதில் இருப்பதை அவர் அறிவார், சொல்ல மறுக்கிறார் என்ற நான்கையும் சொல்லிவிட்டார். ‘சில’ என்பது ஒன்றுக்கு மேற்பட்டவை என்கிறது. ‘தவிர்க்க முடியாத’ என்பது, தவிர்க்க முயன்றும் பலிக்கவில்லை என்கிறது. அதாவது சாதாரணக் கருத்து வேறுபாடாக இருக்க முடியாது. இதற்குப் பின் ‘எதுவும் கேட்க வேண்டாம்’ என்பது, கேட்கத்தக்க ஏதோ உண்டு என்பதற்கான உறுதிமொழியாகவே படிக்கப்படும்.

பால் கிரைஸ் 1975இல் வெளியான தம் கட்டுரையில் உரையாடலின் அடிப்படை ஒன்றைச் சுட்டினார். பேசுபவர் தேவையான அளவுக்குக் கூறுவார், தேவைக்கு மிஞ்சிக் கூறமாட்டார் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். அந்த அளவு மீறப்படும்போது, அல்லது குறையும்போது, கேட்பவர் அதைப் பிழையெனத் தள்ளிவிடுவதில்லை; அதற்குள் ஒரு குறிப்புப் பொருளைத் தேடுகிறார். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்ற தொடர் ஒரே நேரத்தில் மிகையும் குறையும் ஆகும். காரணம் என்ற சொல் தேவைக்கு மிகை. காரணம் சொல்லப்படாதது குறை. பெரியப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர்வரை குறிப்புப் பொருளைத் தேடத் தொடங்குவதற்கு அவர்களுடைய கெட்ட மனம்தான் காரணம் என்று கொள்ளவேண்டியதில்லை. மொழியைப் பயன்படுத்தும் எவரும் செய்வதையே அவர்களும் செய்கிறார்கள். தேடும்படி அவர்களைப் பணித்தது செய்திதான்.

தேடி எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதே துயரம். போர்த்திய துணியை விலக்கி அந்த நாற்காலியில் அமர்த்தப்படுபவர் பெரும்பாலும் பெண். அவளுக்கு வேறொருவரோடு பழக்கம் இருந்திருக்கும்; அவள் மேற்படிப்பை விட மறுத்திருப்பாள்; அவள் உடலில் ஏதோ குறை இருந்திருக்கும்; அவள் ஜாதகத்தில் ஏதோ மறைத்திருப்பார்கள். இவற்றுள் எதற்கும் சான்று தேவைப்படுவதில்லை. வழக்கிலுள்ள சொல்லைக் கவனித்தாலே போதும். ‘கல்யாணம் நின்ற பெண்’ என்பது தமிழ்ப் பேச்சில் ஒரு முத்திரையாகவே புழங்குகிறது. ‘கல்யாணம் நின்ற பையன்’ என்ற தொடரும் இலக்கணப்படி சரியானதே. ஆனால் அது முத்திரையாக ஒட்டுவதில்லை. நின்ற நிகழ்ச்சி ஒன்றே. அது பெயரெச்சமாகி ஒருவரின் பெயருக்கு முன்னால் போய் நிலைத்து நிற்பது மட்டும் ஒரு பக்கமே நடக்கிறது.

இரண்டாம் பழுது வினைச்சொல்லில் இருக்கிறது. தமிழில் பல வினைகள் இணையாக வருகின்றன: முறிந்தது – முறித்தார், உடைந்தது – உடைத்தார், கலைந்தது – கலைத்தார், நின்றது – நிறுத்தினார். தன்வினை, பிறவினை என வழங்கும் இந்த இணைகளைத் தற்கால மொழியியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தவர் கு. பரமசிவம்; அவருடைய ஆங்கில நூல் 1979இல் வெளிவந்தது. இணையில் ஒன்று நிகழ்ச்சியை அதற்கு ஆட்பட்ட பொருளின் பக்கமிருந்து காட்டுகிறது. மற்றொன்று செய்தவரின் பக்கமிருந்து காட்டுகிறது.

‘நிறுத்திவிட்டார்கள்’ என்று எழுதினால் பழி வெளிப்படையாகிவிடும் என்றஞ்சி, ‘நின்றுவிட்டது’ என்று எழுதுவது பழியற்ற வழி எனப் பலர் நம்புகிறார்கள். நம்பிக்கை தவறு. இணையாக வரும் வினைகளின் இயல்பு, ஒன்று ஒலித்தால் மற்றதும் உடன் ஒலிப்பது. கண்ணாடி உடைந்தது என்று குழந்தை சொன்னவுடன் தாய் கேட்பது ‘யார் உடைத்தது?’ என்பதையே. ‘சம்பந்தம் முறிந்துவிட்டது’ என்பதற்கு மறுமொழியாக ‘யார் முறிச்சாங்க?’ என்று வருவதும் அதே இயல்பில்தான். ‘ரத்து செய்யப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினை இதிலும் மோசம். செய் என்ற வினையை வெளிப்படையாக வைத்துக்கொண்டே செய்தவரை மட்டும் மறைக்கிறது, ‘யாரால்?’ என்ற கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அங்கும் வந்து நிற்பது அந்த ஆல் உருபே.

துணைவினையும் தன் பங்கைச் செய்கிறது. ‘நின்றது’ என்பதற்கும் ‘நின்றுபோயிற்று’ என்பதற்கும் இடையே காலத்தில் வேறுபாடில்லை, மதிப்பீட்டில் உண்டு. கெட்டுப்போயிற்று, உடைந்துபோயிற்று, காணாமற்போயிற்று என்பவற்றில் வரும் ‘போ’, வேண்டாத ஒன்று நேர்ந்துவிட்டது என்ற இழப்புணர்ச்சியை ஏற்றுகிறது. ‘என் மகளின் திருமணம் நின்றுபோயிற்று’ என்று தந்தை எழுதும்போது மகள் பாழ்பட்ட பொருளொன்றின் உடைமையாளராக மாறிவிடுகிறார். பொருந்தாத ஒரு மணத்திலிருந்து காலத்தே விலகியவராகக்கூட அவர் இருக்கலாம். அந்த வாய்ப்பைத் துணைவினை அடைத்துவிடுகிறது. ‘மிகுந்த மன வருத்தத்துடன்’ என்ற தொடர் அடைத்த கதவுக்குப் பூட்டுப் போடுகிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. இந்தியில் ‘ரிஷ்தா டூட் கயா’ என்பதன் பின்னால் ‘கிஸ்னே தோடா’ என்பது காத்திருக்கிறது. தெலுங்கில் ‘பெள்ளி ஆகிபோயிந்தி’ என்றவுடன் ‘எவரு ஆபாரு’ என்று கேட்கலாம். இணைவினைகள் வளமாக உள்ள மொழிகளில் செய்தவரை மறைத்து எழுதுவது, செய்தவரைத் தேடச் சொல்லி எழுதுவதே ஆகும்.

மூன்றாம் பழுது ‘நாங்கள்’ என்பதில் இருக்கிறது. தமிழ் தன்மைப் பன்மையில் கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ ஒன்றையும், விலக்கிவைக்கும் ‘நாங்கள்’ ஒன்றையும் வைத்திருக்கிறது. தெலுங்கின் மனமு, மேமு என்பவையும், மராத்தியின் ஆபண், ஆம்ஹீ என்பவையும் இத்தகையனவே. இந்தியின் ‘ஹம்’ இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. உறவினருக்கு எழுதும்போது ‘நாங்கள்’ என்பதே வரவேண்டும் என்பதில் ஐயமில்லை. கேள்வி வேறு: அந்த நாங்களுக்குள் யார் இருக்கிறார்கள்? தந்தையின் பெயரில் வரும் செய்தியில் ‘நாங்கள் முடிவு செய்துள்ளோம்’ என்றிருந்தால் பெண் வீட்டார் முடிவு செய்தார்கள் என்றே பொருள்படும். உடனே கணக்கு தொடங்குகிறது: பெண் வீட்டாரே நிறுத்தினார்கள் என்றால் பையனிடம் என்ன குறை? அல்லது, இவர்களுக்கு என்ன திமிர்? மணமக்களாக இருந்த இருவரும் பேசி எடுத்த முடிவு அது என்பது, தந்தை கையெழுத்திட்ட ‘நாங்கள்’ என்ற சொல்லிலிருந்து ஒருபோதும் வெளிப்படாது.

ஒரு சூழலை எடுத்துக்கொண்டு இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். செகந்திராபாத்தில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பம். மகள் ஆய்வு மாணவி. அதே நகரத்துத் தெலுங்குக் குடும்பத்து மகனோடு நிச்சயதார்த்தம் முடிந்திருக்கிறது. திருமண நாள் பிப்ரவரி 8. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் உறவினர் வரவேண்டும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், டிசம்பர் நடுவிலேயே பெரும்பாலோர் சீட்டு எடுத்துவிட்டனர். ஜனவரி முதல் வாரத்தில் இருவரும் விலகுவதென முடிவாகிறது. செய்தி தமிழில் மதுரைக்கும், தெலுங்கில் மாப்பிள்ளை வீட்டு உறவுக்கும், ஆங்கிலத்தில் துறை நண்பர்களுக்கும் போகவேண்டும்.

வழக்கமாக நடப்பது இது. மகள் ஆங்கிலத்தில் ஒரு வரைவு எழுதுகிறாள். அதில் ‘வீ’ என்றால் அவளும் அவனும். சித்தப்பா அதைத் தமிழாக்கும்போது அந்த ‘வீ’ தந்தையின் ‘நாங்கள்’ ஆகிறது. ‘எங்கள் மகளின் எதிர்கால நலன் கருதி’ என்று அக்கறையோடு ஒரு தொடரைச் சேர்க்கிறார். மகளின் நலனுக்கு மாப்பிள்ளை கேடு என்ற பொருள் அத்தோடு சேர்கிறது. மூன்று நாள் கழித்துத் தெலுங்குச் செய்தி வேறு வாய்பாட்டில் வருகிறது. இரு மொழியும் தெரிந்த ஒரு பொது நண்பர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறார். அன்று மாலைக்குள் இரு குடும்பமும் ஒன்றையொன்று குற்றம் சாட்டுவதாகச் செய்தி பரவுகிறது. எவரும் எவரையும் குற்றம் சாட்டவில்லை.

இதற்கு மாற்றாக எழுதத்தக்க செய்தி இது:

“அன்புடையீர், வணக்கம். செல்வி ______, செல்வன் ______ ஆகியோருக்குப் பிப்ரவரி 8 அன்று செகந்திராபாத்தில் நடைபெறுவதாக இருந்த திருமணம் நடைபெறாது. பயணச்சீட்டும் தங்குமிடமும் பதிவு செய்தவர்கள் அவற்றை ரத்து செய்துகொள்ள வேண்டுகிறோம். இருவரிடமும் இதுவரை காட்டிய அன்பை அவ்வாறே தொடர வேண்டுகிறோம். இச்செய்தியை இரு வீட்டாரும் சேர்ந்து அனுப்புகிறோம்.” கீழே இரு வீட்டார் பெயர்களும்.

நான்கே வாக்கியங்கள். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும்.

முதல் வாக்கியத்தின் உயிர் ‘நடைபெறாது’ என்ற எதிர்மறை எதிர்கால வினையில் இருக்கிறது. ‘நின்றுவிட்டது’, ‘முறிந்துவிட்டது’ என்பவை நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. நடந்த நிகழ்ச்சிக்குக் காரணம் கேட்கலாம், செய்தவரைக் கேட்கலாம். ‘நடைபெறாது’ என்பதோ பிப்ரவரி 8ஆம் நாளைப் பற்றிய கூற்று. கடந்த வாரம் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை அது தொடவே இல்லை. இருவரும் பேசி விலகியிருந்தாலும், ஒருவர் மட்டும் விலகியிருந்தாலும், பெற்றோர் தடுத்திருந்தாலும் அவ்வாக்கியம் உண்மையே. எந்தச் சூழலிலும் பொய்யாகாத வாக்கியத்தை எழுதுவதற்குத் துணிச்சலோ நயமோ தேவையில்லை; காலத்தை மாற்றினால் போதும். ‘தற்போதைக்கு’, ‘ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்ற சொற்கள் வரக்கூடாது. உண்மையில் ஒத்திவைக்கப்படாத ஒன்றை அப்படிச் சொன்னால், சமரசம் செய்துவைக்க ஒரு படையே புறப்பட்டு வரும்.

இரண்டாம் வாக்கியம், செய்தி யாருக்காக என்பதை நினைவூட்டுகிறது. உறவினருக்கு உடனடியாகத் தேவைப்படும் உண்மை அவர்கள் தம் செயலை மாற்றிக்கொள்ள உதவும் உண்மை. செய்யத்தக்க ஒரு வேலையைக் கொடுக்கும் வாக்கியத்துக்குப் பின் வாசகரின் கவனம் காரணத்தை விட்டுச் சீட்டை ரத்து செய்வதில் திரும்புகிறது. இது தந்திரம் அன்று. செய்தியின் பயனே அதுதான்.

மூன்றாம் வாக்கியம் ‘கேட்க வேண்டாம்’ என்ற தடையின் இடத்தில் நிற்கிறது. தடை, தடுக்கப்பட்டதைப் பெரிதாக்கும். வேண்டுகோளோ ஒரு நடத்தையைக் காட்டிக்கொடுக்கிறது. ‘இருவரிடமும்’ என்ற சொல்லை விடக்கூடாது. அதை விட்டால் அன்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் கோரப்படும். மறுபக்கம் குற்றவாளிக் கூண்டில் ஏறும். ஆனால் ‘அவர் மிக நல்லவர்’ என்ற பாராட்டும் வேண்டாம். நல்லவர் என்றால் பின் ஏன் என்ற கேள்வி தானாகவே எழும்.

நான்காம் வாக்கியமே மிக முக்கியமானது. சபை ஒரு கருத்தாவை எதிர்பார்க்கிறது; முடிச்சை அவிழ்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கருத்தாவை முற்றிலும் மறைத்தால் சபை தானே ஒருவரை நியமித்துக்கொள்ளும். ஆகவே கருத்தாவைச் செய்திக்குள் வைக்கவேண்டும். ஆனால் முறித்தலின் கருத்தாவாக அன்று, அனுப்புதலின் கருத்தாவாக. ‘சேர்ந்து அனுப்புகிறோம்’ என்பதில் வரும் தன்மைப் பன்மைக்குள் இரு வீடும் இருக்கின்றன. நிச்சயதார்த்தம் இரு வீட்டார் சேர்ந்து செய்த கூற்றாக இருந்தது போலவே அதன் முடிவும் இரு வீட்டார் சேர்ந்து செய்யும் கூற்றாக அமைகிறது.

சொல்லமைப்புக்கு அப்பால் இரண்டு நடைமுறைகள் தேவை. ஒன்று, இரு வீட்டாரும் ஒரே நாளில், ஒரே வாசகத்தை, எல்லா மொழிகளிலும் ஒரே வாக்கிய வரிசையில் அனுப்புவது. தெலுங்கு வடிவத்தைத் தமிழ் வீட்டாரும், தமிழ் வடிவத்தைத் தெலுங்கு வீட்டாரும் தெரிந்தவரிடம் காட்டிப் பார்த்தபின் அனுப்பினால் சித்தப்பாவின் அக்கறைக்கு இடமிராது. மற்றொன்று, தாத்தா பாட்டி, தாய்மாமன், அத்தை ஆகிய நெருங்கியவர்களிடம் குழுச் செய்திக்கு முன்பே நேரிலோ தொலைபேசியிலோ சொல்லிவிடுவது. சபையில் தாம்பூலம் வாங்கியவரிடம் குழுச் செய்தியால் தெரிவித்தால் அவருடைய மனத்தாங்கலே அடுத்த வதந்தியாகும். ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பவருக்கு வீட்டிலுள்ள அனைவரும் முதல் வாக்கியத்தையே திரும்பச் சொல்லவேண்டும். ஆளுக்கொரு விளக்கம் தருவது ஆளுக்கொரு காரணத்தை உண்டாக்குவதாகும்.

இதற்கு எழும் எதிர்ப்புகளில் ஒன்று கனமானது. பழியற்ற செய்தி குற்றவாளியைக் காப்பாற்றாதா? நிச்சயத்துக்குப் பின் காரும் நகையும் கேட்டதால் முறிந்த சம்பந்தத்தையும் ‘நடைபெறாது’ என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிடலாமா? பெண்ணியர் எழுப்பும் இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ‘குடும்ப மானம்’ என்ற பெயரில் எத்தனையோ குற்றங்கள் மௌனத்தில் புதைக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் மௌனமும் பழியற்ற செய்தியும் ஒன்றல்ல. வரதட்சிணைத் தடைச் சட்டம், 1961இன் 4ஆம் பிரிவு வரதட்சிணை கேட்பதையே குற்றமாக்குகிறது. குறைந்தது ஆறு மாதம், கூடியது இரண்டு ஆண்டு சிறையும், 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. திருமணம் நடந்திருக்கவேண்டும் என்ற தேவையும் இல்லை. எஸ். கோபால் ரெட்டி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற வழக்கில், திருமணத்துக்கு முன் கேட்பதும் இப்பிரிவின்கீழ் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தெளிவுபடுத்தியது. அவ்வழக்கின் குற்றம் சாட்டப்பட்டவர் சான்று போதாமையால் விடுவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். படிக்கவேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது. குற்றச்சாட்டுக்கு நாள், தொகை, கேட்டவர், கேட்ட இடம், எழுத்துச் சான்று ஆகியவை தேவை. இருநூறு பேர் உள்ள குழுவில் ‘அவர்களின் பேராசையால்’ என்று எழுதும் ஒரு வரி இவற்றுள் எதையும் தராது. அது புகாருக்கு வலு சேர்ப்பதில்லை. அவதூறு வழக்குக்கு எதிர்த்தரப்பினர் கையில் ஒரு சான்றை மட்டும் கொடுக்கிறது. புகார் காவல் நிலையத்தில் முழு விவரத்தோடு இருக்கட்டும். அறிவிப்பு அறிவிப்பாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைக்கும்போது இரண்டுமே கெடுகின்றன. நாளை அந்த வீட்டைப் பற்றி இன்னொரு பெண்ணின் பெற்றோர் நேரில் வந்து விசாரித்தால் நடந்ததைச் சொல்வதற்கு மேற்கண்ட செய்தி எந்தத் தடையும் விதிக்கவில்லை. குறிப்பால் உணர்த்திய பழியைவிடக் கேட்டவரிடம் நேரே சொன்ன உண்மை வலுவானது.

இத்தகைய சூழலில் எதிர்வீட்டார் சேர்ந்து கையெழுத்திட மாட்டார்கள். பல வேளைகளில் அவர்களோடு சேரவும் விருப்பமிராது. அப்போது நான்காம் வாக்கியத்தை எடுத்துவிடலாம். முதல் இரண்டும் அப்படியே நிற்கும். மூன்றில் ‘இருவரிடமும்’ என்பது பொய்யாகத் தோன்றினால் அந்த வாக்கியத்தையும் விட்டுவிடலாம். எஞ்சிய இரண்டே வாக்கியங்களிலும் பொய் இல்லை, குறிப்புப் பழியும் இல்லை. எதிர்வீட்டார் பழிதூற்றும் செய்தி அனுப்பினாலும் குழுவில் மறுமொழி எழுதாதிருப்பதே நல்லது. மறுமொழி எழுதினால் காரணத்தின் நாற்காலி மறுபடியும் கூடத்துக்கு வந்துவிடும்.

இன்னோர் எதிர்ப்பு மூத்தோரிடமிருந்து வருகிறது: ‘நிச்சயத்துக்கு வந்து ஆசி கூறியவர்களுக்குக் காரணத்தைக் கேட்க உரிமை இல்லையா?’ ஆசி கூறியவர்கள் சாட்சிகள். எது கட்டப்பட்டதோ அது அவிழ்ந்தது என்பதை அறியும் உரிமை சாட்சிக்கு உண்டு; அதை முதல் வாக்கியம் நிறைவேற்றுகிறது. ஏன் அவிழ்ந்தது என்று தீர்ப்பளிக்கும் உரிமை நடுவருக்கு உரியது. நிச்சயதார்த்தத்துக்கு வந்து தாம்பூலம் வாங்கிக்கொண்ட எவரும் நடுவராக நியமிக்கப்படவில்லை.

இலக்கணம் வதந்தியை அடியோடு ஒழித்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை. எவ்வளவு செம்மையாக எழுதினாலும் பேசுபவர் பேசுவர். வேறுபாடு ஒன்றே: அவர்கள் பேசுவது அவர்களுடைய கற்பனையாக இருக்கும், குடும்பமே எழுதியனுப்பிய வாக்கியத்தின் உட்பொருளாக இராது. தன் தந்தை கையெழுத்திட்ட செய்தியில் ‘காரணங்களால்’ என்ற சொல்லுக்குள் தன்னை வைத்துப் படிக்கிறார்கள் என்பதை ஒரு பெண் அறியும்போது, அந்தச் சொல்லை அங்கே வைத்தது ஊர் அன்று, தன் வீடுதான் என்பதையும் சேர்த்தே அறிகிறாள். அதைத் தவிர்க்கலாம். முன்வார்ப்பு சொல்வதற்கு மாறாக, அந்தக் காரணம் தவிர்க்கக் கூடியதே.